ஸ்லைடின் தலைப்பில் முடிவை எழுதுங்கள்

அலுவலகக் கூட்டங்களுக்கான ஸ்லைடுகளைப் பார்த்துத் திருத்துவது என் பணியின் ஒரு பகுதி. அவற்றில் பெரும்பாலானவற்றின் தலைப்பு, ‘வாடிக்கையாளர் புகார்கள்: இரண்டாம் காலாண்டு’ என்பதுபோலப் பொருளின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. கீழேயுள்ள படத்திலிருந்து எந்த முடிவுக்கு வருவது என்று பார்ப்பவரே தேட வேண்டியிருப்பதால், அவர் தேடி முடிக்கும்வரை பேசுபவரின் சொற்கள் அவர் காதில் ஏறுவதில்லை.

அந்தத் தலைப்பின் கீழ் இருக்கக்கூடிய எண்களை எடுத்துக்கொள்வோம். முதல் காலாண்டில் 400ஆக இருந்த புகார்கள் இரண்டாவதில் 640 ஆகிவிட்டன. விநியோகத் தாமதம் பற்றியவை 120இலிருந்து 350ஆக உயர்ந்திருக்க, மற்றவை அனைத்தும் சேர்ந்து 280இலிருந்து 290ஆக மட்டுமே கூடியுள்ளன. ‘புகார்கள் அதிகரித்துள்ளன’ என்று எழுதினால் வாக்கியம் கிடைத்துவிடும், ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. ‘கூடுதலாக வந்த 240 புகார்களில் 230 விநியோகத் தாமதம் பற்றியவை’ என்பதே அந்த ஸ்லைடு சொல்ல வந்த செய்தி.

தலைப்பை இப்படி எழுதியவுடன் படத்தின் குறை வெளிப்பட்டுவிடும். இத்தகைய ஸ்லைடில் வழக்கமாக இடம்பெறும் வட்ட விளக்கப்படம், ஒரு காலாண்டுக்குள் ஒவ்வொரு வகைப் புகாரின் பங்கைக் காட்டுமே தவிர, எது எவ்வளவு கூடியது என்பதைக் காட்டாது. காலாண்டுக்கு ஒன்றாக இரண்டு பட்டைகளை நிறுத்தி, மற்ற புகார்களைச் சாம்பல் நிறத்தில் அடியிலும் தாமதப் புகார்களை அடர்நிறத்தில் அதன் மேலும் அடுக்கினால், அடிப்பகுதி ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்க, மேற்பகுதி மட்டும் வளர்ந்திருப்பது பார்த்த மாத்திரத்தில் புரியும்.

மிகுதியாகச் சறுக்கும் இடம் இதற்கு அடுத்த படி. ‘புதிய கிடங்குக்கு மாறியதால் புகார்கள் பெருகின’ என்று எழுதக் கை துடிக்கும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்தப் படத்தில் கிடங்கே இல்லை. கூட்டத்தில் எவரேனும் ‘அதற்கு ஆதாரம் எங்கே?’ என்று கேட்டால், அந்த ஒரு ஸ்லைடோடு மற்றவற்றின் நம்பகத்தன்மையும் போய்விடும். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், கிடங்குவாரியான தாமதத்தைக் காட்டும் தனி ஸ்லைடு தேவை.

தலைப்பு இரண்டு வரிகளைத் தாண்டினால், பெரும்பாலும் இரண்டு கூற்றுகள் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்தின் அளவைக் குறைத்து அதை அடைப்பதைவிட, ஸ்லைடை இரண்டாகப் பிரிப்பதே மேல்.

எல்லாம் முடிந்தபின், பவர்பாயிண்டில் Outline View-க்குச் சென்று தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். வாதம் எங்கே அறுபடுகிறது என்பது அங்கே தெரியும். தலைப்புக்கென உள்ள பெட்டியில் எழுதாமல் தனியாக ஓர் எழுத்துப் பெட்டியைச் செருகி எழுதிய தலைப்புகள் அந்தப் பட்டியலில் வராது என்பதால், வெற்றாகத் தெரியும் ஸ்லைடுகளை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரலுக்கும் பின்னிணைப்பு அட்டவணைகளுக்கும் இந்த முயற்சி வேண்டியதில்லை; அங்கே பொருளின் பெயரே போதும்.