ஓட்டத்துக்கும் ஸ்பைக்குக்கும் நடுவே: பள்ளி வாலிபால் அணிக்கான வார்ம் அப்

பிசியோதெரபிஸ்ட்டாகப் பள்ளி அணிகளோடு வேலை செய்யும்போது நான் அதிகம் பார்க்கும் வார்ம் அப் இதுதான்: மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவார்கள், வட்டமாக நின்று ஸ்ட்ரெச்சிங் செய்வார்கள், அப்புறம் நேராக வலைக்குப் போய் முழு பலத்தோடு ஸ்பைக் அடிப்பார்கள். ஓட்டம் உடலைச் சூடாக்கிவிடும், அது சரி. ஆனால் ஸ்பைக் அடிப்பவர் உயரத் தாவ வேண்டும், இறங்கும் கணத்திலேயே உடலை நிறுத்த வேண்டும், தலைக்கு மேலே கையை வேகமாக வீச வேண்டும். நேர்கோட்டில் மெதுவாக ஓடியதில் இவை எதுவும் பழகவில்லை. நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் நாம் நிரப்ப வேண்டும்.

எங்கள் வரிசைக்கு மொத்தம் 20 நிமிடம் ஆகிறது. முதல் ஐந்து நிமிடம் மெதுவான ஓட்டம். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று திசையை மாற்றிக்கொண்டே ஓட வேண்டும். லேசாக வியர்க்க வேண்டும், ஆனால் ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேசவும் முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

அடுத்த ஐந்து நிமிடம் மூட்டுகளுக்கு. உடலைத் திருப்பியபடி லஞ்ச், ஸ்குவாட், குதிகாலைத் தூக்கி இறக்குவது, தோளை எல்லாத் திசையிலும் சுழற்றுவது என எல்லாமே அசைந்துகொண்டே செய்பவை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கும் மேல் இழுத்துப் பிடித்து நிற்பதை இந்த இடத்தில் வைக்க வேண்டாம். அதன் பிறகு தாவும் திறன் சற்று நேரத்துக்குக் குறையக்கூடும். அதை ஆட்டம் முடிந்ததும் செய்யலாம்.

பெரும்பாலான அணிகள் விட்டுவிடுவது மூன்றாவது பகுதியை. அதற்கு நான்கு நிமிடம் போதும். முன்பாதத்தில் உயர்ந்து நின்று, சட்டென்று அரை ஸ்குவாட்டுக்கு இறங்கி, இரண்டு நொடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். ஐந்து முறை. பிறகு பாதி உயரம் தாவி, இறங்கி, அதேபோல் நிற்க வேண்டும். அடுத்து, பக்கவாட்டில் ஒரு காலில் தாவி நிற்பது. கடைசியாக, பந்து இல்லாமல் ஸ்பைக்குக்கான ஓட்டமும் தாவலும்: முதலில் பாதி வேகம், பிறகு முக்கால், பிறகு முழுசாக.

இங்கே பயிற்சியாளர் மாணவர்களுக்கு நேர் எதிரில் நிற்க வேண்டும். இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கின்றனவா, ஒரே காலில் எடை விழுகிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும். உள்ளே சாயும் முழங்காலில் ஏசிஎல் தசைநாருக்கு இழுவை கூடுகிறது. பருவமடையும் வயதுப் பெண்களிடம் இந்தக் காயம் பையன்களைவிட அதிகம். முழங்காலைப் பற்றி விளக்குவதைவிட "சத்தம் வராமல் இறங்கு" என்று சொல்வது நல்ல பலன் தருகிறது. இடுப்பும் முழங்காலும் தானாகவே அதிகம் மடங்கும். அப்படியும் சாய்ந்தால் அந்த மாணவி அன்று அடுத்த படிக்குப் போகாமல் பாதி உயரத்திலேயே தொடரட்டும்.

மீதி ஆறு நிமிடம் பந்தோடு. இரண்டு கையால் வீசுவது, ஒரு கையால் தலைக்கு மேலே வீசுவது, நின்ற இடத்தில் தரையில் அடிப்பது, அப்புறம்தான் வலையில் ஸ்பைக். சர்வதேச விதிப்படி போட்டிக்கு முன் அணிகளுக்கு வலையில் சேர்ந்து 6 நிமிடம் கிடைக்கிறது, முன்னதாகப் பயிற்சி செய்ய ஆடுகளம் கிடைக்காத அணிகள் என்றால் 10 நிமிடம். அதனால் முதல் மூன்று பகுதிகளையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். உருளும் பந்துகளைப் பொறுக்க ஒருவரை நிறுத்துங்கள். இறங்கும் கால் பந்தின் மேலோ வேறொருவர் பாதத்தின் மேலோ விழுந்தால் கணுக்கால் பிசகும்.

ஒரு வேகமாக வளரும் 13 வயது மாணவிக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வலி இருந்தது. அவளுடைய வார்ம் அப்பைக் கவனித்தோம். வரிசை சுழன்றுகொண்டே இருந்ததால், ஆட்டம் தொடங்கும் முன்பே இருபதுக்கு மேல் முழு உயரத் தாவல்கள். அதை ஆறாகக் குறைத்து, மீதியைத் தரையில் நின்று அடிக்கவைத்தோம். வலி தணிந்தது, ஆனால் போகவில்லை. வாரம் முழுக்க அவள் இரண்டு அணிகளுக்கு ஆடிக்கொண்டிருந்தாள். வார்ம் அப்பைத் திருத்தி அந்தச் சுமையை ஈடுகட்ட முடியாது. பயிற்சி நாட்களைக் குறைத்து, மருத்துவரிடமும் காட்டினோம்.

மாற்று வீரர்களை மறக்க வேண்டாம். கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தாலே சூடு பெருமளவு இறங்கிவிடும். களமிறங்கும் முன் ஓரமாக இரண்டு நிமிட ஓட்டம், மூன்று மென்மையான இறக்கங்கள், பந்தில்லாத இரண்டு ஸ்பைக் தாவல்கள். இதற்கு அழைக்கும் பொறுப்பை உதவிப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.