பெட்டியில் எழுதப்பட்ட முகவரி யாருடையது?

சென்ற ஆடி மாதம் யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு கடைக்காரர் என்னை அழைத்தார். பனங்கட்டி, ஒடியல் மா, வறுத்த மிளகாய்த்தூள் ஆகியவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புபவர். "தம்பி, சூரிச்சிலிருந்து ஒரு அம்மா பணம் கட்டியிருக்கிறார், ரசீது வரவில்லை என்கிறார். வங்கிப் பக்கம்தான் ஏதோ பிழை" என்றார். அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் அதையே சொல்லியிருந்தார்கள்.

வங்கியில் ஒரு பிழையும் இல்லை. ரசீதுகள் எல்லாம் போயிருந்தன, ஆனால் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்திருந்தன. அவற்றை அங்கே தள்ளியது கடையின் செய்திமடல். மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயர் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், மடலுக்கு வந்த கெட்ட பெயரை ரசீதும் சுமந்தது.

மடலுக்கான பட்டியலில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட முகவரிகள் இருந்தன. பாதிக்குக் கிட்ட நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடை வாசலில் வைத்த கொப்பியில் வந்தவர்கள் எழுதியவை. கடைக்காரரின் மருமகன் அவற்றைக் கணினியில் ஏற்றியிருந்தார். கையெழுத்தில் எல் எழுத்தும் ஒன்று என்ற இலக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். `gmail.com` சில இடங்களில் `gmial.com` ஆகியிருந்தது. இப்படிப் பிழையான முகவரிகள் சிலவற்றை ஸ்பாமைக் கண்காணிப்பவர்கள் பொறியாகவே வைத்திருப்பார்கள். அங்கே மடல் போனால், அனுப்பியவர் சரிபார்க்காமல் பட்டியல் சேர்ப்பவர் என்று பதிவாகிவிடும்.

மிகுதி இணையத்தளத்தின் பதிவுப் படிவத்தில் சேர்ந்தவை. கதையின் மோசமான பகுதி அங்கேதான். பதிவேட்டைத் திறந்து நேர வரிசையில் பார்த்தேன். ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் முந்நூறு பேர் சேர்ந்திருந்தார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாயில் நுழையாத ஆங்கில எழுத்துக் கோவைகள், ஆனால் மின்னஞ்சல் முகவரிகள் உண்மையானவை. அவர்களில் ஒருவரும் ஒரு மடலையும் திறக்கவில்லை. சிலர் ஸ்பாம் என்று முறையிட்டிருந்தார்கள். இது போட் எனப்படும், படிவங்களைத் தானாக நிரப்பும் மென்பொருளின் வேலை.

"பனங்கட்டிக் கடையில் வந்து சேர்வதால் போட்டுக்கு என்ன லாபம்?" என்று கடைக்கார ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. ஒருவருடைய வங்கிக் கணக்கிலோ கடனட்டையிலோ கைவைக்கும் திருடன், அவருக்கு வரும் எச்சரிக்கை மடல் அவர் கண்ணில் படாமல் இருக்கவேண்டும் என்று நினைப்பான். அதற்காகக் காவலில்லாத ஆயிரக்கணக்கான பதிவுப் படிவங்களில் அவருடைய முகவரியை ஒரே நேரத்தில் இடுவான். சிறிது நேரத்தில் அந்த மனிதரின் பெட்டி "வருக, நன்றி" மடல்களால் நிரம்பிவிடும். வங்கியின் மடல் அவற்றுக்குள் எங்கோ புதைந்து கிடக்கும். நம் கடையின் படிவமும் அந்த மண்ணில் ஒரு கூடை. ஐயா அன்று வெகுநேரம் பேசவில்லை.

திருத்தத்தின் மையம் ஒன்றுதான்: படிவத்தில் முகவரியை இட்டவுடன் எவரும் சந்தாதாரர் ஆவதில்லை. அந்த முகவரிக்கு ஒரேயொரு மடல் போகும். அதில் விளம்பரம் இல்லை, விலைப்பட்டியல் இல்லை. "எங்கள் கடையின் மாத மடலைக் கேட்டது நீங்கள்தானா? நீங்கள் இல்லையென்றால் ஒன்றும் செய்யவேண்டாம்" என்று இரண்டு வரியும் ஓர் இணைப்பும் மட்டும். இணைப்பு 48 மணி நேரத்தில் காலாவதியாகும். ஒரு கிழமைக்குள் உறுதிப்படுத்தாத முகவரி அழிக்கப்படும்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு, நானும் சறுக்கியிருக்கிறேன். இணைப்பைத் திறந்தவுடனே உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பல அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் மடலிலுள்ள இணைப்புகளை, மனிதர் பார்க்கும் முன்பே தாங்களாகத் திறந்து சோதிக்கின்றன. அதனால் இணைப்பு ஒரு பக்கத்துக்குப் போகவேண்டும், அந்தப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கவேண்டும், அதை அழுத்தினால்தான் பெயர் பட்டியலில் ஏறவேண்டும்.

இதுவும் முழுக் காவல் அல்ல. உறுதி கேட்கும் மடலே, திருடன் பொழியும் அந்த மடல் மழையில் ஒரு துளியாகலாம். ஆகவே ஒரு முகவரிக்கு ஒரு நாளில் ஒரு மடலுக்கு மேல் போகாதபடி வரம்பு வைத்தோம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் பெட்டி ஒன்றையும் படிவத்தில் ஒளித்துவைத்தோம். போட்டுகள் பெரும்பாலும் எல்லாப் பெட்டிகளையும் நிரப்பும். அது நிரம்பி வந்தால் பதிவைப் பேசாமல் கைவிட்டுவிடலாம்.

படிவத்தில் வேறு என்ன கேட்பது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஐயாவுக்கு ஊர் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். நம்மவர் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்பதுதானே. ஆனால் பெயர், சொந்த ஊர், வெளிநாட்டு முகவரி மூன்றும் ஒரே பட்டியலில் இருந்தால் அது யார் கைக்குப் போகக்கூடும் என்று யோசிக்க, நாற்பது வயது தாண்டிய யாழ்ப்பாணத்தவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மடல் அனுப்ப மின்னஞ்சல் முகவரி போதும். அதனுடன் நாங்கள் சேமிப்பது, பதிந்த நேரம், உறுதிப்படுத்திய நேரம், அப்போது படிவத்தில் இருந்த வாசகம் ஆகியவை மட்டுமே. சம்மதம் கிடைத்தது என்று காட்டவேண்டிய பொறுப்பு அனுப்புபவருடையது என்பது 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுச் சட்டத்தின் நிலை. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சம்மதம் என்று முன்கூட்டியே சரி போட்டிருந்த பெட்டிகளைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

விலகும் வழிக்கு, வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாத மடலின் தலைப்பகுதியில் இந்த இரண்டு வரிகள் போகின்றன:

```
List-Unsubscribe: <https://example.com/u/TOKEN>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

TOKEN இருக்கும் இடத்தில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனியான குறியீடு வரும். இந்த வரிகள் இருந்தால் ஜிமெயில் மடலின் மேலேயே விலகும் பொத்தானைக் காட்ட முடியும். அது கண்ணில் படாதவர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். ஸ்பாம் முறைப்பாடு 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது ஜிமெயில். ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் கோபித்தால் போதும்.

பழைய பட்டியலை என்ன செய்வது? "எல்லோருக்கும் ஒரு மடல் போட்டுச் சம்மதம் கேட்போமே" என்றார் ஐயா. அவருடைய வாடிக்கையாளரில் பெரும்பகுதி ரொறன்ரோவில். கனடாவின் ஸ்பாம் தடுப்புச் சட்டப்படி, சம்மதம் கேட்டு அனுப்பும் மடலே வணிக மடலாகக் கணக்கிடப்படும். கனடாவிலுள்ள கணினியில் திறக்கப்படும் மடல் யாழ்ப்பாணத்திலிருந்து போனாலும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பொருள் வாங்கியவருக்கு மடல் அனுப்ப அது இடம் கொடுக்கிறது. எனவே விற்பனைப் பதிவோடு ஒப்பிட்டு, அப்படி வாங்கியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்களிடம் உறுதி கேட்டோம். கொப்பியிலிருந்து வந்தவற்றையும் அந்த அதிகாலை முந்நூறையும் அழித்தோம்.

பட்டியல் இருநூற்றுச் சொச்சமாகச் சுருங்கியது. ஐயா அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தேநீரை ஆறவிட்டார். ரசீதுகள் ஸ்பாம் பெட்டியை விட்டு வெளியே வர ஆறு வாரம் எடுத்தது, ஒரே நாளில் திரும்பவில்லை. கொப்பியைக் கிழித்து எரித்தார். கணினியிலிருந்த கோப்பை அழித்தேன், மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிய பிரதியையும் அழித்தேன். மருமகனின் மடிக்கணினியில் மூன்றாவது பிரதி கிடந்தது அடுத்த கிழமைதான் தெரியவந்தது.