வரிசைக்கு பக்கத்துல ஒரு குட்டி கோடு: அது எந்த அளவுல வரைஞ்சதுன்னு பாருங்க

ஒரு டேபிள்ல எட்டு வாரத்து நம்பர் வரிசையா இருந்தா அது ஏறுதா இறங்குதான்னு கண்ணு சட்டுனு சொல்லாது, ஒவ்வொரு நம்பரா படிச்சு மனசுல ஒப்பிட்டு பாக்கணும். அதுக்குத்தான் வரிசை முடியுற இடத்துல, ஒரு செல்லுக்குள்ள அடங்குற மாதிரி, அச்சும் இல்லாம கட்டமும் இல்லாம ஒரு சின்ன கோடு வரையுறோம். ஸ்பார்க்லைன்னு இதுக்கு பேர் வெச்சவர், டேட்டாவை படமா காட்டுறதை பத்தி எழுதுற எட்வர்ட் டஃப்டி, 2006ல வந்த புத்தகத்துல விரிவாவே எழுதியிருக்கார். ஒரு வார்த்தை அளவுக்கு இருக்கிற படம், அதுதான் அவர் யோசனை. எக்செல்ல 2010 வெர்ஷன்ல இருந்து இது இருக்கு, கூகுள் ஷீட்ஸ்ல ஒரு ஃபார்முலா போட்டா போதும்.

வரையுறது ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனா அச்சு இல்லைன்னு சொன்னேன்ல, சிக்கல் அங்கதான் இருக்கு. அச்சு கண்ணுக்கு தெரியலையே தவிர உள்ள ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, மேல எந்த நம்பர் கீழ எந்த நம்பர்னு யாரோ முடிவு பண்ணித்தான் ஆகணும், நீங்க பண்ணலைன்னா சாஃப்ட்வேர் பண்ணிடும்.

ஒரு வெப்சைட்டோட மூணு பக்கத்துக்கு வாராவாரம் எத்தனை பேர் வந்தாங்கன்னு ஒரு டேபிள் வெச்சுக்குவோம்:

```
முகப்பு   980 1010  990 1005  995 1015  985 1020
உதவி      40   45   60   52   70   66   81  120
லாகின்   500  510  495  505    -  498  502  507
```

லாகின்ல - இருக்கிற அஞ்சாவது வாரம் ஷீட்ல காலி செல், ஏன்னா அந்த வாரம் எண்ணுற ஸ்கிரிப்ட் ஓடவே இல்ல. அதுக்கு அப்புறம் வரேன்.

எதையும் மாத்தாம போட்டா எக்செல், ஷீட்ஸ் ரெண்டுமே ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி அளவு எடுத்துக்கும். அந்த வரிசையோட குறைஞ்ச நம்பர் செல்லோட அடியில, அதிக நம்பர் உச்சியில. செல் உயரம் 20 பிக்சல்னு வைங்க. முகப்புல குறைஞ்சது 980, அதிகம் 1020, வித்தியாசம் வெறும் 40 பேர், ஆனா அந்த 40 பேரும் 20 பிக்சல் முழுக்க பரவிடுவாங்க. 4 சதவீத ஆட்டம் மலை பள்ளம் மாதிரி தெரியும். கீழ உதவி பக்கம் நிஜமாவே மூணு மடங்கு ஆகியிருக்கு, அதுவும் அதே 20 பிக்சல்தான் ஏறும். நான் முதல்ல இப்படித்தான் ஒரு டேபிள் போட்டு அனுப்பினேன், கூட வேலை பாக்குறவர் உடனே "முகப்புல என்னங்க இப்படி ஏறி இறங்குது, ஏதாவது உடைஞ்சிருக்கா?"ன்னு கேட்டார். ஒண்ணுமே உடையல. ஆனா அந்த கோட்டை பாத்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் கேப்பாங்க.

சரி எல்லாத்துக்கும் ஒரே அளவு வெச்சிடலாம்னு தோணும். எக்செல்ல ஸ்பார்க்லைன் டேப்ல Axis உள்ள போய் மினிமம், மேக்ஸிமம் ரெண்டுக்கும் `Same for All Sparklines` கொடுத்தா வந்துடும். இப்ப 40ல இருந்து 1020 வரைக்கும் எல்லாருக்கும் ஒரே அளவு. உதவி பக்கம் 40ல இருந்து 120க்கு போனது எவ்வளவு உயரம் வரும்? 80ஐ 980ஆல வகுத்து 20ஆல பெருக்குங்க, ஒன்றரை பிக்சல் சொச்சம். அதாவது கோட்டோட தடிமன் அளவுக்குத்தான் வருது, மூணு மடங்கு வளர்ச்சி அடியில ஒரு கறை மாதிரி படுத்துடும். வரிசைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல இருந்தா இந்த முறை அருமையா வேலை செய்யும், இங்க மாதிரி 20 மடங்கு வித்தியாசம் இருந்தா ஆகாது.

எனக்கு பிடிச்சது மூணாவது வழி. ஒவ்வொரு நம்பரையும் அந்த வரிசையோட நடு நம்பரால, அதாவது மீடியனால வகுத்துட்டு, அதுக்கப்புறம் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு வைக்கணும். முகப்போட மீடியன் 1000, அதனால கோடு 0.98க்கும் 1.02க்கும் நடுவுல இருக்கும். உதவியோட மீடியன் 63, அது 0.63ல ஆரம்பிச்சு 1.9ல முடியும். அளவு 0ல இருந்து 2 வரைன்னு வெச்சா முகப்பு நடுவுல கிட்டத்தட்ட நேர்கோடா ஓடும், உதவி 12 பிக்சலுக்கு மேல ஏறும். எது நிஜமா மாறியிருக்குன்னு டேபிளை மேலோட்டமா பாத்தாலே தெரிஞ்சிடும்.

முதல் வாரத்தால வகுக்குறதும் உண்டு, ஆனா அந்த முதல் வாரம் விடுமுறையா இருந்து நம்பர் படுத்திருந்தா மொத்த வரிசையும் வானத்துக்கு போயிடும், அதனாலதான் மீடியன்.

ஷீட்ஸ்ல SPARKLINE உள்ள நான் முதல்ல எழுதினது வெறுமனே `ARRAYFORMULA(B2:I2/MEDIAN($B2:$I2))`. லாகின் வரிசை நடுவுல அடி வரைக்கும் விழுந்து திரும்ப ஏறுச்சு, ஏதோ அந்த வாரம் ஒருத்தர் கூட லாகின் பண்ணாத மாதிரி! காரணம் என்னன்னா காலி செல்லை ஒரு நம்பரால வகுத்தா ஷீட்ஸ் 0ன்னு விடை கொடுக்கும், அந்த 0 நிஜ டேட்டா மாதிரி கோட்டுக்குள்ள போயிடும். காலியை காலியாவே விட சொல்லணும்:

```
=SPARKLINE(ARRAYFORMULA(IF(B2:I2="",,B2:I2/MEDIAN($B2:$I2))),
 {"charttype","line";"ymin",0;"ymax",2;"empty","ignore"})
```

எக்செல்ல இதுக்கு `Hidden & Empty Cells`னு ஒரு செட்டிங் இருக்கு, இடைவெளி விடு, 0 ஆக்கு, பக்கத்து புள்ளிகளை இணைன்னு மூணு சாய்ஸ். நான் இடைவெளிதான் வைப்பேன், அளக்காத வாரம் அளக்காததாவே தெரியட்டும். ஆனா அங்கயும் வகுத்த நம்பரை தனி செல்ல வெச்சீங்கன்னா அதே 0 பிரச்சனை வரும், பாத்துக்கோங்க.

இந்த வகுக்குற முறைக்கு ஒரு எல்லை இருக்கு. ஆள் எண்ணிக்கை, ஆர்டர் எண்ணிக்கை மாதிரி 0ன்னா நிஜமாவே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் வர்ற விஷயத்துக்குத்தான் இது சரி. உடம்பு சூட்டை இப்படி போட்டா 37ல இருந்து 39க்கு போனது 5 சதவீதம்தான், காய்ச்சலே கோட்டுல தெரியாது. அதுக்கெல்லாம் 35ல இருந்து 41 வரைன்னு அர்த்தமுள்ள ஒரு எல்லையை நீங்களே கையால வெச்சு எல்லா வரிசைக்கும் அதையே கொடுக்கணும்.

இன்னொண்ணு, வகுத்த உடனே முகப்பு பெருசு உதவி சின்னதுங்கிற தகவல் கோட்டுல இருந்து போயிடுது. அதனால கோட்டுக்கு ஒட்டின மாதிரியே கடைசி வாரத்து நம்பரை, 1020, 120ன்னு, எழுத்துல வைங்க. கோடு முடியுற இடமும் அந்த நம்பரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா படிக்கிறவங்களுக்கு அது எந்த புள்ளியோட நம்பர்னு விளக்கவே வேண்டாம்.

செல்லோட அகலமும் ஒரு விஷயம்தான், இழுத்து அகலமாக்கினா அதே ஏற்றம் மெதுவா தெரியும், குறுக்கினா செங்குத்தா தெரியும். அதனால ஒரு அகலம் முடிவு பண்ணி அடுத்த மாச டேபிளுக்கும் அதையே வைங்க, இல்லன்னா போன மாசத்தை விட வேகமா ஏறுதுன்னு யாராவது நினைச்சிடுவாங்க.

எல்லாம் போட்டு முடிச்சதும் நான் ஒரு சோதனை பண்ணுவேன். ஒரு வரிசையை காப்பி பண்ணி எல்லா நம்பரையும் பத்தால பெருக்கி கீழ ஒட்டுவேன். மீடியன் முறை சரியா வேலை செஞ்சா ரெண்டு கோடும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். ஆனா தனித்தனி அளவுலயும் இது ஒண்ணாத்தான் வரும், அதனால இன்னொரு வரிசையில எல்லா நம்பருக்கும் 10000 கூட்டி பாப்பேன், அது கிட்டத்தட்ட நேர்கோடா படுத்துடணும். படுக்காம பழைய மாதிரியே ஆடுச்சுன்னா `ymin`, `ymax` எங்கயோ விட்டுப்போயிருக்கு.