ஜாலி சுவரின் நிழல் கூர்மையாக விழ

“பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், இடையிடையே துளைகள் விட்ட செங்கல் ஜாலி சுவர் கட்டிவிட்டேன். தரையில் விழும் நிழல் ஏன் கலங்கிக் கிடக்கிறது?” என்று ஒரு கட்டடக்கலை மாணவி கேட்டிருந்தார். திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தில் இருப்பதைப் போன்ற சுவர் அவருக்கு வேண்டும். மேற்கு பார்த்த சுவர், தடிமன் 11 செ.மீ., ஒவ்வொரு துளையும் 7.5 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தடிமன். துளை போட்ட படத்தைத் தட்டையான பலகையில் ஒட்டினால் உச்சி தாண்டிய உயர வெயில்கூட உள்ளே வந்துவிடும். நிஜச் சுவரில் சூரியன் அடிவானத்திலிருந்து 34 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை துளையின் மேல்விளிம்பு கதிரை முழுதாக மறைத்துவிடும். ஆகவே செங்கலை உண்மையான கனத்தோடு அடுக்குங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூரியன் புள்ளி அல்ல. வானத்தில் சுமார் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் நிழலின் விளிம்பில் ஒளி சட்டென்று முடியாமல் படிப்படியாக மங்குகிறது. பள்ளியில் படித்த புறநிழல் இதுதான். துளையிலிருந்து கதிர் கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் அது ஏறக்குறைய 1 செ.மீ. அகலமாகும்.

சூரியனை 17 டிகிரியில் நிறுத்திப் பார்ப்போம். தடிமன் மறைத்தது போக, ஒரு துளை வழியே 4 செ.மீ. உயரக் கற்றைதான் வரும். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் உள்ள துளையின் கற்றை சுமார் 1 மீட்டர் போய்த் தரையைத் தொடும். மங்கல் 1 செ.மீ., வடிவம் தெளிவு. 1 மீட்டர் உயரத் துளைக்கு 3.4 மீட்டர் பயணம், மங்கல் 3 செ.மீ.க்கு மேல், வடிவம் பாதி கரைந்துவிடும்.

17 டிகிரியை ஏன் எடுத்தேன்? சூரியன் இன்னும் தாழ்ந்தால் கற்றை தடிக்கும், ஆனால் பயணம் நீளும். உயர்ந்தால் பயணம் குறையும், கற்றையோ மெலிந்துபோகும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், துளை எந்த உயரத்தில் இருந்தாலும், வெயில் அடைபடும் கோணத்தில் சரிபாதியில் நிழல் மிகக் கூர்மையாக இருக்கிறது. எத்தனை அழகான விடை! சம இரவுபகல் நாளில் திருவனந்தபுரத்தில் அது மாலை, சூரியன் மறைய ஏறத்தாழ 70 நிமிடங்களுக்கு முன்.

பிளெண்டரின் சன் விளக்கில் `Angle` மதிப்பு 0.53 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. சுவரடியிலும் அறை நடுவிலும் விளிம்புகள் ஒரே கூர்மையோடு இருந்தால் `Angle` பூஜ்யத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சுவரடியிலேயே கலங்கியிருந்தால் மதிப்பு மிகப் பெரிது; அல்லது உங்கள் வெயில் சூரியனே பதிவாகாத ஒரு வான்படத்திலிருந்து வருகிறது.