வரியைக் குறைத்தால் வசூல் கூடுமா? ஒரு ஆடிட்டரின் கணக்கு

ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "வரியைக் குறைச்சா எல்லாரும் ஒழுங்கா கட்டுவாங்க சார், வசூல் தானா ஏறும்." இது வெறும் புலம்பல் இல்லை, இதில் விஷயம் இருக்கிறது. ஆனால் எத்தனை சதவீதத்திலிருந்து குறைக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. மொத்தக் கதையும் அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

இந்த வாதம் நம் நாட்டிலேயே பொருந்திய காலம் ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 85% வருமான வரி. அந்த வரியின் மேல் 15% சர்சார்ஜ். இரண்டும் சேர்ந்து 97.75%. முழு வருமானத்துக்கும் இந்த விகிதம் என்று பலர் எழுதுகிறார்கள், அது தப்பு. 2 லட்சத்துக்கு மேல் வந்த பகுதிக்கு மட்டும்தான். அன்றைக்கு அவ்வளவு சம்பாதித்தவர்களும் கொஞ்சம் பேர்தான்.

அப்படிப்பட்ட ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். கூடுதலாக வந்த 100 ரூபாயைக் கணக்கில் காட்டினால் அவர் கையில் நிற்பது 2 ரூபாய் 25 காசு. காட்டாவிட்டால் முழு நூறும் அவருக்கே. மாட்டிக்கொள்ளும் பயம் இருந்தாலும், இந்த இரண்டரை ரூபாய்கூடத் தேறாத தொகைக்காக யார் ரசீது போடுவார்கள்? இன்னொரு வழி சட்டத்துக்கு உட்பட்டது: இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பெயரில் ஒரு பங்கு, டிரஸ்டின் பெயரில் ஒரு பங்கு என்று வருமானத்தைப் பிரித்துக் காட்டுவது. மூன்றாவது வழி, கூடுதல் வேலையே வேண்டாம் என்று கடையைச் சீக்கிரம் சாத்திவிடுவது. மூன்றிலும் அரசுக்கு வர வேண்டிய பணம்தான் குறைகிறது.

இதை அரசு அமைத்த குழுவே எழுதிக் கொடுத்தது. முன்னாள் தலைமை நீதிபதி கே.என். வாஞ்சூ தலைமையிலான நேரடி வரி விசாரணைக் குழு, வரி ஏய்ப்புக்கு முக்கியக் காரணம் உயர்ந்த வரி விகிதமே என்று 1971இல் சொல்லி, உச்ச விகிதத்தை 75 சதவீதமாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. விகிதம் ஓர் அளவைத் தாண்டினால் வசூல் குறையும் என்று பொருளாதார நிபுணர் ஆர்தர் லாஃபர் ஒரு துடைப்புத் தாளில் வளைகோடு வரைந்து காட்டியதாகச் சொல்லப்படும் அமெரிக்கக் கதை 1974இல் நடந்தது. நம் குழு மூன்று வருடம் முந்திக்கொண்டது!

1974இல் உச்ச விகிதம் 77 சதவீதமானது. இப்போது கணக்கைப் பாருங்கள். வசூல் குறையாமல் இருக்க, முன்பு 100 ரூபாய் காட்டியவர் 127 ரூபாய் காட்ட வேண்டும். அவருக்குக் கிடைப்பதோ ஒவ்வொரு நூறிலும் 2.25க்குப் பதில் 23 ரூபாய், அதாவது பத்து மடங்கு. நேர்மைக்குக் கூலி பத்து மடங்கு ஏறும்போது 27% கூடுதலாகக் காட்டச் சொல்வது பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

1976இல் அது மேலும் குறைந்து 66 சதவீதமானது. அந்த ஆண்டுகளில் வசூல் ஏறியது உண்மை. ஆனால் அதே காலத்தில் விலைவாசி தாறுமாறாக ஏறியிருந்தது, நெருக்கடிநிலைச் சோதனைகள் நடந்தன, 1975இல் தாமாகவே வருமானத்தை அறிவிக்கும் திட்டமும் வந்தது. எனவே வசூல் ஏறியதை முழுக்க விகிதக் குறைப்பின் கணக்கில் எழுத முடியாது.

சரி, இன்றைய 30 சதவீதத்தை 20 ஆக்கினால்? வசூல் அப்படியே இருக்க 100 ரூபாய் காட்டியவர் 150 காட்ட வேண்டும். அவர் கையில் நிற்பதோ 70லிருந்து 80 ஆகிறது, அவ்வளவுதான். பத்து ரூபாய் கூடுவதற்காக, இதுவரை மறைத்துவைத்த ஐம்பதை யார் வெளியே எடுப்பார்கள்? சம்பளக்காரருக்கு அதுவும் இல்லை. அவருடைய வரி டிடிஎஸ்ஸாக முன்பே பிடிக்கப்பட்டுவிடுகிறது, புதிதாகக் காட்ட எதுவும் கிடையாது. விகிதம் குறைந்தால் அந்த அளவுக்கு அரசின் வரவில் நேராகத் துண்டு விழும்.

நிறுவன வரியில் இது கண்ணெதிரே நடந்தது. 2019 செப்டம்பரில், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு அடிப்படை விகிதம் 30லிருந்து 22 ஆனது. 2018-19இல் சுமார் 6.63 லட்சம் கோடியாக இருந்த நிறுவன வரி வசூல் 2019-20இல் சுமார் 5.57 லட்சம் கோடிக்கு இறங்கியது. அந்த வருடம் பொருளாதாரமும் மந்தம்தான், முழுப் பழியையும் விகிதத்தின் மேல் போடக் கூடாது. 2021-22இல் வசூல் பழைய அளவைத் தாண்டியது. அதைக் காட்டி "பார்த்தீர்களா, ஏறிவிட்டது" என்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு நிறுவனங்களின் லாபமே எகிறியிருந்த வருடம் அது. பழைய விகிதம் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்தப் பேச்சு கணக்காகும்.