இரும்புப் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு எது சாட்சி?

கடைக்காரர்களுக்கான பேக்கேஜ் பாலிசி எடுத்திருக்கும் வியாபாரிகளிடம் பணத்துக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கு சார், எல்லாம் சேர்த்துத்தான் போட்டிருக்கு" என்பார்கள். பாலிசித் தாளைப் புரட்டினால் 'பணம்' என்று ஒரு பிரிவு இருக்கும். அதற்குள் மூன்று தனித்தனித் தொகைகள்: வழியில் கொண்டுபோகும் பணத்துக்கு ஒரு நடைக்கு இவ்வளவு, இரும்புப் பெட்டியில் இருக்கும் பணத்துக்கு இவ்வளவு, கல்லாவில் இருப்பதற்கு இவ்வளவு. ஒன்றில் மிச்சம் இருக்கிறது என்று இன்னொன்றில் சேர்த்துக்கொள்ள முடியாது. காப்பீட்டு நிறுவனத்துக்காக இழப்பை மதிப்பிடும் சர்வேயராக நான் பார்க்கும் பணத் திருட்டுக் க்ளெய்ம்களில் பெரும்பாலான தகராறு இங்கேதான் தொடங்குகிறது.

விருதுநகர்ப் பக்கம் ஒரு மளிகை மொத்தக் கடை. கடை விற்பனையும், சில்லறைக் கடைகளுக்குப் போய் வாங்கிவரும் லைன் வசூலும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒன்றரை லட்ச ரூபாய் அளவில் ரொக்கம் புரளும். பாலிசியில் பெட்டிக்கு 2 லட்சம், ஒரு நடைக்கு 2 லட்சம், கல்லாவுக்கு 25,000. ஒரு நாள் வசூலைக் கணக்கில் வைத்துப் போட்ட தொகைகள் இவை. சாதாரண நாளுக்குப் போதும். திருட்டு நடந்ததோ மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையை ஒட்டிய ஞாயிறு இரவு. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. வெள்ளி சாயங்காலம் லைனில் இருந்து வந்தது, சனி வசூல், ஞாயிறு காலை வியாபாரம் எல்லாம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன. ஷட்டரை நெம்பித் தூக்கி உள்ளே வந்தவர்கள், பெட்டியின் முதுகுத் தகட்டை கேஸ் வைத்து அறுத்திருந்தார்கள். போனது 4,35,000 என்றார் அண்ணாச்சி. மேஜை டிராயரில் இருந்த 18,000 தனி.

அந்த 18,000 முதலில் கழிந்தது. கல்லாவுக்கான காப்பீடு வியாபார நேரத்துக்கு மட்டும்தான். கடையைப் பூட்டியபின் பணம் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டிராயரில் விட்டது கணக்கில் வராது.

அடுத்தது பெட்டிக்குள் எவ்வளவு இருந்தது என்ற கேள்வி. பணப் பாலிசிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை உண்டு. பெட்டியில் இருக்கும் ரொக்கத்துக்குத் தினசரிப் பதிவு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவு பெட்டிக்குள் இல்லாமல் வேறொரு பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும். க்ளெய்முக்கு அதுதான் ஆதாரம். பல கடைகளில் ரொக்க நோட்டைப் பணத்தோடு பெட்டியிலேயே வைத்துப் பூட்டுகிறார்கள். பெட்டி எரிந்தாலோ, நோட்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனாலோ, சொல்வதற்கு வாய் மட்டும்தான் மிஞ்சும். இந்த அண்ணாச்சி நல்லவேளையாக நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர். சனி இரவு இருப்பு 3,45,000 என்று எழுதியிருந்தார். ஞாயிறு வியாபாரம் 90,000. அதை எழுதவில்லை, "திங்கக்கிழமை எழுதிக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

எழுதியிருந்ததையும் நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கடைசியாக வங்கியில் கட்டிய சலானில் இருந்து தொடங்கி, அதற்குப் பிந்தைய பில்கள், லைன் வசூல் ரசீதுகளின் அடிக்கட்டை, கொள்முதலுக்கும் கூலிக்கும் கொடுத்த ரொக்கம் என்று கூட்டிக் கழித்துப் பார்ப்போம். நாள்தோறும் சில்லறையோடு வந்த இருப்பு, திருட்டுக்கு முந்தின நாள் மட்டும் முழு லட்சமாக இருந்தால் அங்கே கொஞ்சம் நிற்போம். இவருடைய கணக்கு சனி வரை சரியாக வந்தது.

ஆனால் பெட்டிக்கான வரம்பு 2 லட்சம். நிறுவனம் கொடுத்தது அதுதான், அதிலும் பாலிசிப்படி அவர் ஏற்க வேண்டிய சிறு தொகையைக் கழித்துக்கொண்டு. வரம்பு 5 லட்சமாக இருந்திருந்தால், பதிவில் இருந்த 3,45,000 வரை கிடைத்திருக்கும். எழுதாமல் விட்ட 90,000 அப்போதும் சிக்கல்தான்.

பேச்சு முடியும்போது கேட்டேன்: "அண்ணாச்சி, டூப்ளிகேட் சாவி எங்க?" அசல் இடுப்பில் இருந்தது. டூப்ளிகேட் அதே டிராயரில், 18,000 இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அப்படியே கிடந்தது. வந்தவர்கள் அதைத் திறந்து பார்த்திருந்தால் கேஸ் செலவு அவர்களுக்கு மிச்சம். அண்ணாச்சிக்கு 2 லட்சமும் போயிருக்கும். சாவியையோ டூப்ளிகேட்டையோ போட்டுப் பெட்டியைத் திறந்திருந்தால் க்ளெய்ம் கிடையாது என்பது வழக்கமான விலக்கு. அடித்தோ மிரட்டியோ சாவியைப் பிடுங்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் சர்வேயர் வந்ததும் சாவித் துவாரத்தைப் பார்க்கிறார். நெம்பிய தடம், அறுத்த தடம் எதுவும் இல்லாத பெட்டி திறந்து கிடந்தால், அடுத்த கேள்வி சாவியைப் பற்றித்தான்.

வழியில் போகும் பணத்துக்கு வருவோம். யார் கொண்டுபோகிறார் என்பது இங்கே முக்கியம். காப்பீடு எடுத்த வியாபாரியோ, அவர் அதிகாரம் கொடுத்த ஊழியரோ எடுத்துப் போக வேண்டும். சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத மச்சினன் பையைத் தூக்கிப் போயிருந்தால், அவர் ஊழியர்தான் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். உதவிக்கு வரும் உறவுக்காரர்களையும் ஒரு கடிதத்தில் எழுதிக்கொடுத்துப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள் என்று நான் பார்க்கும் கடைகளில் சொல்வதுண்டு. பலர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வரம்பு ஒரு நடைக்குத்தான். 2 லட்ச வரம்பு வைத்துக்கொண்டு மூன்றரை லட்சத்தை ஒரே பையில் அனுப்பினால், ஒன்றரை லட்சம் காப்பீடு இல்லாமல் போகிறது என்று அர்த்தம். வசூல் கூடுதலான நாளில் கையில் 2 லட்சம் சேர்ந்ததும் வழியிலேயே வங்கியில் கட்டிவிட்டு மீதி லைனைப் பார்ப்பது நல்லது. டீ குடிக்க இறங்கும்போது பையை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது லைன் பையன்களின் பழக்கம். ஆள் இல்லாத வண்டியில் இருந்து போன பணத்துக்குக் காப்பீடு இல்லை என்பதும் வழக்கமான விலக்குதான். பூட்டு நல்ல பூட்டு என்று வாதாடிப் பயனில்லை.

பணத்தோடு பையனே மறைந்துவிட்டால்? பல பாலிசிகளில் பணம் சுமக்கும் ஊழியரின் மோசடிக்கு இடம் உண்டு, ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்குள், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள், கண்டுபிடித்திருக்க வேண்டும். சனிக்கிழமை வசூலைத் திங்கள் மாலை சரிபார்க்கிற கடைக்கு இந்தக் கெடு பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். கல்லாவில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது இதில் வராது. அதற்கு ஊழியர் நாணயக் காப்பீடு என்று தனியாக எடுக்க வேண்டும். எண்ணும்போது குறைந்தது, கணக்கில் பிசகியது எதற்கும் எந்தப் பிரிவிலும் பணம் வராது.

பெட்டிக்கான வரம்பை எப்படி முடிவு செய்வது? போன வருட ரொக்க நோட்டை எடுத்து, வங்கி தொடர்ந்து மூடியிருந்த நாட்களில் எந்த இரவு இருப்பு மிக அதிகம் என்று பாருங்கள். பொங்கலும் தீபாவளியும் ஞாயிற்றோடு சேர்ந்து வந்த வாரங்களைத் தவறாமல் பாருங்கள். அந்தத் தொகைதான் உங்கள் வரம்பு. வருடம் முழுக்க அவ்வளவு வேண்டாம் என்றால், பண்டிகைக் காலத்துக்கு மட்டும் உயர்த்தித் தருமாறு நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம். கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். பிரீமியம் வந்து சேராமல் பொறுப்பேற்கக் கூடாது என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. ஆகவே ஏஜென்டிடம் போனில் சொல்லிவிட்டால் மட்டும் வரம்பு உயராது. பணம் கட்டி, திருத்தச் சீட்டு கைக்கு வந்ததும் அதில் போட்டிருக்கும் தொடக்கத் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் கடை பூட்டுவதற்குள் அது அமலுக்கு வந்திருக்க வேண்டும்.