கைனெட்டிக் டைப்போகிராஃபி: இயங்கெழுத்து

கிரேக்கத்தில் 'கினெட்டிகோஸ்' என்றால் இயக்கம் சார்ந்தது, 'டைப்போஸ்' என்றால் அழுத்திப் பதித்த தடம், 'கிராஃபெய்ன்' என்றால் எழுதுதல். அச்செழுத்துக்கு அசைவு கொடுக்கும் கலைக்கு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1959இல் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்துக்கு வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்த பெயர்ப்பட்டியலில், கட்டடத்தின் கோடுகளை ஒட்டிப் பெயர்கள் வழுக்கி வந்து நின்றன. இந்தக் கலையின் முன்னோடி என்று அதைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள்.

தமிழில் 'அசையெழுத்து' என்றும் சொல்லலாம். ஆனால் யாப்பில் 'அசை' என்பதற்கு வேறு பொருள் உண்டு. கீழே அந்தப் பொருளும் நமக்குத் தேவைப்படுகிறது. அதனால் 'இயங்கெழுத்து' என்பதே குழப்பமில்லாதது. லிரிக் வீடியோ எல்லாமே இயங்கெழுத்து ஆகிவிடாது. வரி மாறுவது மட்டும் போதாது, சொல்லின் வருகையே தாளத்தைக் காட்ட வேண்டும்.

அந்த வருகையைக் கணக்கிடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பாட்டின் வேகம் 100 பி.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 100 தட்டு, வீடியோ நொடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 14.4 ஃபிரேம். அதை 14 என்று வைத்துக்கொண்டு அடுத்தடுத்து நகலெடுத்தால், தட்டுக்கு 0.4 ஃபிரேம் குறைந்துகொண்டே போகும். முதல் வரியில் ஒன்றும் தெரியாது. 60ஆவது தட்டில், அதாவது 36ஆவது நொடியில், சொற்கள் முழுதாக ஒரு நொடி முந்திக்கொண்டு வந்து நிற்கும். முந்தைய தட்டிலிருந்து எண்ணாமல், ஒவ்வொரு தட்டையும் தொடக்கத்திலிருந்தே கணக்கிட வேண்டும்:

```
frame = round(n * 24 * 60 / BPM)
```

இதில் n என்பது தட்டின் எண். இப்படிச் செய்தால் 14, 29, 43, 58 என்று வரும். எந்தத் தட்டிலும் பிழை அரை ஃபிரேமைத் தாண்டாது.

அடுத்தது, தட்டில் அசைவு தொடங்கக் கூடாது, முடிய வேண்டும். ஆறு ஃபிரேமில் மெல்லத் தெளியும் சொல்லைத் தட்டில் தொடங்கினால், கண்ணுக்கு அது கால் நொடி தாமதமாகத்தான் எட்டும். ஆறு ஃபிரேம் முன்னதாகவே கிளப்பிவிட்டால் தட்டு விழும்போது சொல் முழுதாக நிற்கும். பாடகர் தட்டுக்குச் சற்று முன்போ பின்போ எடுத்தால் குரலைத்தான் பின்பற்ற வேண்டும். சொல் குரலோடு வரட்டும், தட்டு விழும் இடத்தில் அதைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டினால் போதும்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'காத்திருக்கிறேன்' என்ற ஒரே சொல் மூன்று தட்டுக்கு நீளலாம். மொத்தமாக முதல் தட்டிலேயே காட்டிவிட்டால் மீதி இரண்டு தட்டும் வெறுமையாகப் போகும். எழுத்து எழுத்தாக உடைத்தாலோ, சில மென்பொருள்களில் 'றே'யின் கொம்பு தனியே பிரிந்து புள்ளிவட்டத்தோடு நிற்கும். காத் / திருக் / கிறேன் என்று அசை பிரித்து, மூன்றையும் தனித்தனி லேயராக வைப்பதே பாதுகாப்பு. அசையின் எல்லையில் வெட்டினால் எந்த உயிர்க்குறியும் தன் மெய்யை விட்டுப் பிரியாது. மூன்று துண்டும் சேர்ந்து நிற்கும்போது இடைவெளி சரியாக அமைய, முதலில் முழுச்சொல்லையும் அடியில் மங்கலாகத் தட்டச்சிட்டு, துண்டுகளை அதன்மேல் பொருத்திவிட்டு அடிச்சொல்லை நீக்கிவிடலாம்.